மூன்று வாரம் பள்ளி மூடினால் பாடம் எப்படி? வாட்ஸ்அப், தாள் பை, மண்டப வகுப்பு, சனிக்கிழமை: நான்கையும் நிறுத்துப் பார்க்கலாம்

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தால் தென்பெண்ணைக் கரையிலும் கெடிலக் கரையிலும் இருக்கிற பள்ளி ஆசிரியர்கள் கேட்பது ஒன்றுதான். "சார், மழை விடுமுறை நீண்டுவிட்டால் கற்றல் தொடர்ச்சித் திட்டம் என்று ஒன்று எழுதி வைக்கச் சொல்கிறார்கள், அதில் எதை முதலில் போடுவது? வாட்ஸ்அப் குழுவா, வீட்டுக்குப் பயிற்சித் தாளா, ஊரில் எங்காவது சின்ன வகுப்பா, இல்லை பேசாமல் பள்ளி திறந்த பிறகு சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா?" நாலையும் எழுதிவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நாலையும் எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் வந்த அன்று அந்தத் தாளைப் பார்த்து யாரும் எதுவும் செய்ய முடிவதில்லை, ஏனென்றால் யார் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒன்று முதல் எட்டு வரை உள்ள கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியை மட்டும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு வேறு. அதை இடையில் ஓரிடத்தில் தொட்டுக்கொள்கிறேன்.

## முதலில் எதை வைத்து முடிவெடுப்பது

பெரும்பாலான திட்டங்கள் "எத்தனை வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது" என்ற கணக்கில்தான் தொடங்குகின்றன. நான் தொடங்கச் சொல்வது வேறு கேள்வியில்: இரண்டாவது வாரத்தில் அந்தப் பிள்ளை எங்கே இருப்பான்?

2024 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புயல் முடிந்தது என்று நாம் மூச்சு விட்ட பிறகுதான் ஆறு வந்தது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை விநாடிக்கு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணையின் தென்கரையில் கடலூர்ப் பக்கமும் வடகரையில் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கமும் சேர்ந்து மூழ்கின. மழை நின்ற நாளும் பள்ளி திறக்கிற நாளும் நம் பகுதியில் ஒன்றாக இருப்பதே இல்லை. ஆற்றுத் தண்ணீர் வடிய வேண்டும், அப்புறம் பள்ளியில் தங்கியிருக்கிற குடும்பங்கள் வீடு திரும்ப வேண்டும், அப்புறம் சேறு அள்ள வேண்டும், கழிப்பறைத் தொட்டியும் மின்சார இணைப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2015இல் நவம்பர் மழை வடிந்து முடிவதற்குள் டிசம்பர் மழை வந்துவிட்டது. அதனால் "மூடல்" என்று ஒரே சொல்லால் சொன்னாலும், பிள்ளைகள் மூன்று விதமாகப் பிரிந்துவிடுகிறார்கள்: மேட்டுத் தெருவில் தங்கள் வீட்டிலேயே இருப்பவர்கள், நிவாரண முகாமில் இருப்பவர்கள், அத்தை வீட்டுக்கோ பாட்டி ஊருக்கோ போய்விட்டவர்கள்.

இந்த மூன்று பேரையும் மனதில் வைத்து ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்வி கேட்கிறேன். இடம்பெயர்ந்த பிள்ளைக்கு அது போய்ச் சேருமா? அவன் செய்தானா என்று ஆசிரியருக்குத் தெரிய வருமா? வெளியில் தெரியாத செலவு யார் தலையில் விழும்? ஆசிரியர்களில் இரண்டு பேர் வர முடியாமல் போனாலும் அது நடக்குமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆசிரியர் வீட்டிலும் தண்ணீர் வரும், அவரையும் நிவாரணப் பணிக்குப் போடுவார்கள்.

| | வாட்ஸ்அப் | தாள் பை | மண்டப வகுப்பு | சனிக்கிழமை |
|---|---|---|---|---|
| மேட்டுத் தெருப் பிள்ளை | ஓரளவு | சேரும் | நன்றாகச் சேரும் | சேரும் |
| முகாமில் உள்ள பிள்ளை | கடினம் | சேரும் | நன்றாகச் சேரும் | தாமதமாக |
| உறவினர் வீட்டுப் பிள்ளை | சேரலாம் | முன்பே கொடுத்திருந்தால் சேரும் | சேராது | தாமதமாக |
| செய்தானா என்று தெரியுமா | அரைகுறையாக | போன் பேசினால் தெரியும் | நேரில் தெரியும் | நேரில் தெரியும் |
| மறைந்த செலவு | பெற்றோருக்கு | பள்ளிக்கு, அதுவும் முன்கூட்டியே | ஆசிரியருக்கு | பிள்ளைக்கு |

## வாட்ஸ்அப் குழு

இதற்குக் கையில் காசு செலவில்லை, குழு ஏற்கெனவே இருக்கிறது, கொரோனா காலத்தில் பழகியும் விட்டது. அதனால்தான் எல்லாருக்கும் முதலில் இது தோன்றுகிறது. ஆனால் கொரோனாவில் கரண்டு இருந்தது. வெள்ளத்தில் மின்கம்பியும் தண்ணீரும் தொடக்கூடாது என்று மின்வாரியமே இணைப்பை நிறுத்திவிடும். 2011 தானே புயலுக்குப் பிறகு நம் கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் எத்தனை வாரம் இருட்டில் கிடந்தன என்று வயதில் மூத்தவர்களைக் கேளுங்கள். செல்போன் கோபுரமும் பேட்டரி தீரும் வரைதான் நிற்கும். முகாமில் ஒரே ஒரு பிளக்கில் இருபது பேர் சார்ஜ் போடக் காத்திருக்கும்போது, மூன்றாம் வகுப்புக் கணக்கு வீடியோவுக்காக யாரும் போனைக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தப் போனில்தான் வீட்டில் தண்ணீர் எவ்வளவு வடிந்தது என்ற சேதி வர வேண்டும்.

கரண்டு வந்த பிறகும் போன் அப்பா சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடுகிறது. காலை பத்து மணிக்கு அனுப்பிய பாடத்தைப் பிள்ளை இரவு ஒன்பது மணிக்குப் பார்க்கிறான், அதுவும் ஒரே போனில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து. ரீசார்ஜ் செலவு பெற்றோருடையது, வேலையில்லாத அந்த வாரத்தில் அது சின்னக் காசு இல்லை. ஆசிரியருக்கோ வேறு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது: நீல டிக் விழுந்ததைப் பாடம் போய்ச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வது. குழுவில் பதில் அனுப்புகிறவர்கள் யார் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். அதே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான் வருவார்கள், அவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்களாகவும் இருப்பார்கள்.

அப்படியானால் போனே வேண்டாமா? வேண்டும், பாடம் நடத்த வேண்டாம். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கவும், வாரம் இரண்டு முறை நேரடியாகப் பேசவும் சாதாரண பட்டன் போனே போதும். இதுவே முதன்மை வழியாகப் பொருந்துகிற இடம் நகரத்துப் பள்ளி: கட்டடத்தில் மட்டும் தண்ணீர், வீடுகளில் கரண்டு இருக்கிறது, பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு மேல்.

## தாள் பை

முன்கூட்டியே அச்சடித்த பயிற்சித் தாள்களைப் பிள்ளைக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு பென்சில், ரப்பர், துருவியோடு கையில் கொடுத்துவிடுவது. கேட்கப் பழைய முறையாகத் தெரியும். ஆனால் பிள்ளை ஓடும்போது கூடவே ஓடுகிற ஒரே பாடம் இதுதான். கரண்டு வேண்டாம், டவர் வேண்டாம், புத்தகப் பை தண்ணீரில் போனாலும் இது தனி உறையில் இருக்கும். புத்தகம் போனவர்களுக்கு அரசு புதிதாகத் தரும் என்றாலும் அது கைக்கு வர நாளாகும்.

இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது உள்ளடக்கத்தில். விட்டுப்போகிற புதுப் பாடத்தைத் தாளில் போட்டு அனுப்புகிறார்கள். வகுத்தலை முதன்முதலாகத் தாளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நான்காம் வகுப்புப் பிள்ளையால் முடியாது, முகாமில் இருக்கிற அம்மாவால் அதைச் சொல்லித்தரவும் முடியாது. இரண்டாவது நாளே தாள் மூடப்பட்டுவிடும். தாளில் போட வேண்டியது ஏற்கெனவே நடத்திய பாடத்தின் பயிற்சி: நாளுக்கு ஒரு தாள், முன்பக்கம் பத்து வரி வாசிப்புப் பத்தியும் மூன்று கேள்வியும், பின்பக்கம் ஐந்து கணக்கும் வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதுகிற ஒரு கேள்வியும். விடையை அந்தத் தாளிலேயே எழுத இடம் விடுங்கள், நோட்டு இருக்காது. சின்ன வகுப்புகளுக்கு வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் நிலை வாரியாகப் பிரிப்பதே நல்லது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நாம் பிரித்து வைத்திருக்கிற அதே பட்டியலை எடுத்துக்கொண்டால் புதிதாக எதுவும் யோசிக்க வேண்டியதில்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்துக்கு மாறிவிட்டதால் மேல் வகுப்புத் தாள்களை ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பகிர்ந்துகொள்ள முடியாது. வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

மறைந்த செலவு பணத்தை விட நேரத்தில்தான் அதிகம். புரட்டாசியிலேயே அச்சடித்து முடிக்க வேண்டும், ஐப்பசியில் முதல் தாழ்வுநிலை வந்த பிறகு நகலெடுக்கக் கடையும் இருக்காது, கரண்டும் இருக்காது. எங்கே வைப்பது என்பதும் பெரிய கேள்வி. பள்ளி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த கட்டு, தண்ணீர் வந்த அன்றே கூழாகிவிடும். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மாடி இருக்கிற ஒரு வீட்டில் வையுங்கள். எப்போது கையில் கொடுப்பது? விடுமுறை அறிவிப்பு இரவில் அல்லது காலை ஆறு மணிக்குத்தான் வரும், அதற்குக் காத்திருந்தால் பிள்ளையை மறுபடி பார்க்க முடியாது. வானிலை மையம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விட்ட அன்று மாலை மணி அடிப்பதற்கு முன் கொடுத்துவிடுங்கள். புயல் திசைமாறிப் போனால் மறுநாள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நாலில் ஒரு பங்கு கூடுதலாக அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், தொலைத்தவர்களுக்கு வேண்டும்.

பிள்ளை உண்மையிலேயே செய்தானா என்று எப்படித் தெரியும்? அக்கா ஒரே இரவில் பன்னிரண்டு நாள் தாளையும் எழுதிக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கும். எழுத்து ஒரே அழுத்தத்தில் இருக்கும், ரப்பர் அழித்த தடமே இருக்காது. அதனால் போனில் கூப்பிடும்போது "எழுதிட்டியா?" என்று கேட்காமல், "மூணாவது நாள் தாளை எடு, கதையை வாசி, நான் கேக்கறேன்" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் காது கொடுத்தால் போதும், அவன் எங்கே தடுக்குகிறான் என்பது தெரிந்துவிடும்.

## மண்டப வகுப்பு

பத்துப் பதினைந்து பிள்ளைகள், இரண்டு மணி நேரம், தண்ணீர் ஏறாத ஓர் இடம். கோயில் மண்டபம், திருமண மண்டபம், கடலோரமானால் புயல் பாதுகாப்பு மையம், ஒரு மாடி வீட்டு வராண்டாவாக இருந்தாலும் சரி. கற்றல் என்று பார்த்தால் நாலில் இதுதான் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறான், தவறை அங்கேயே திருத்துகிறார்கள். வீட்டில் எல்லாம் போன பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரமாவது வழக்கமான காரியம் ஒன்று நடக்கிறது.

ஆனால் இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருக்கும்போது நாம் பிள்ளைகளை ஓரிடத்துக்கு வரச் சொன்னால், வழியில் ஓடைத் தண்ணீரிலோ அறுந்து கிடக்கும் கம்பியிலோ எதாவது நடந்தால் என்ன ஆகும்? அதனால் இந்த வழியை எழுதுகிறவர்கள் ஒரு வரியை முதலிலேயே எழுதிவிட வேண்டும்: எந்தப் பிள்ளையும் தண்ணீரைத் தாண்டி வரக்கூடாது, பிள்ளை இருக்கிற இடத்துக்கு ஆசிரியரோ தன்னார்வலரோ போக வேண்டும். மேட்டுத் தெருவில் இருப்பவர்களுக்கு மேட்டுத் தெருவிலேயே, முகாமில் இருப்பவர்களுக்கு முகாமுக்குள்ளேயே. வருகைப் பதிவு, கட்டாயம், சீருடை எதுவும் கிடையாது. அதற்கும் முன்கூட்டியே பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும், வட்டாரக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். வெள்ளத்தின் நடுவில் அனுமதி கேட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், அது நியாயமும்கூட.

முகாமில் வகுப்பு வைக்கிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம்: நேரத்தைக் காலைச் சாப்பாடு முடிந்த பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்பதற்கு முன், பத்து முதல் பன்னிரண்டு என்று வையுங்கள். நிவாரணப் பொருள் வண்டி வந்தால் வகுப்பை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வரிசையில் இடம் பிடிக்கப் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள், அந்த நேரத்தில் பாடத்துக்குப் பிடித்து வைத்தால் மறுநாள் அம்மாக்கள் அனுப்ப மாட்டார்கள். அப்புறம், விடுமுறை பாதியில் இருக்கும்போதே முகாம் கலையத் தொடங்கிவிடும். ஆறாவது ஏழாவது நாளில் குடும்பங்கள் சேறு அள்ள வீட்டுக்குப் போகத் தொடங்கினால், அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளின் வகுப்பு எங்கே என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும்.

ஆள்தான் இதன் பெரிய செலவு. இல்லம் தேடிக் கல்வியில் வேலை செய்த தன்னார்வலர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்கள் பெயரை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்த ஊரிலேயே இருப்பவர்கள் என்பதால் தண்ணீர் தாண்ட வேண்டியதில்லை.

## திறந்த பிறகு சனிக்கிழமை

இது நாளுக்கான வழி, கற்றலுக்கான வழி என்று முழுதாகச் சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரை 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 வேலை நாள் வேண்டும். மூன்று வாரம் மூடினால் பதினைந்து நாள் போய்விடும், அதை எப்படியும் ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை சனிக்கிழமை பதினைந்துதான் வரும், பொங்கலும் தேர்வும் போக எஞ்சுவது பன்னிரண்டு பதின்மூன்று. அத்தனை சனிக்கிழமையும் போட்டாலும் கணக்கு முழுதாகத் தீராது. ஆறாவது நாளில் சோர்ந்து வருகிற பிள்ளைக்கு, மூன்று வாரமாகத் தொடாததால் மறந்துபோன எழுத்துக்கூட்டலும் சேர்த்துக் கற்பிக்க வேண்டியிருக்கும். வீடு சரிசெய்யும் வேலைக்கும் முந்திரிக் காட்டு வேலைக்கும் பெற்றோர் போகும்போது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளையைச் சனிக்கிழமையில் நிறுத்திவிடுவதும் உண்டு. யாருக்கு வகுப்பு மிகவும் தேவையோ அவர்கள்தான் வராமல் போவார்கள்.

இது சரியான முதன்மை வழியாக இருப்பது பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு. அவர்களுக்கு விட்டுப்போன பாடம் எது என்று தெளிவாகத் தெரியும், அதை ஆசிரியர்தான் நடத்த முடியும். ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்ட விடுமுறைக்கும் இதுவே போதும், மற்ற ஏற்பாடெல்லாம் அதற்கு மிகை.

## ஒரு பள்ளியை வைத்துப் போட்டுப் பார்ப்போம்

பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவில் தென்பெண்ணைக் கரையில் ஒரு நடுநிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். 86 பிள்ளைகள், சுமார் 60 குடும்பம், ஐந்து ஆசிரியர்கள். செப்டம்பரில் ஒரே ஒரு கேள்வியோடு வீடு வீடாகக் கேட்கிறார்கள்: "தண்ணி வந்தா எங்க போவீங்க?" 31 பிள்ளைகள் மேட்டுத் தெருவில் வீட்டிலேயே இருப்பார்கள், 34 பேர் திருமண மண்டப முகாமுக்கு, 21 பேர் உறவினர் ஊர்களுக்கு என்று பதில் வருகிறது. பெயருக்கு எதிரே இரண்டு போன் எண்ணும் போகிற ஊரும் எழுதிய அந்தப் பதிவேடுதான் திட்டத்தின் முதுகெலும்பு. அது இல்லாமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பிள்ளையைத் தேடுவதிலேயே முதல் வாரம் போய்விடும்.

முதல் மூன்று நாள் எதுவும் செய்யப் போவதில்லை, உயிரும் வீடும் பார்க்க வேண்டிய நேரம். நான்காம் நாள் ஆசிரியருக்குப் பன்னிரண்டு குடும்பம் என்று பிரித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். மிச்சம் பன்னிரண்டு பள்ளி நாள், அதனால் பையில் பன்னிரண்டு தாள். 86 பிள்ளைக்கு 1,032 தாள், கூடுதல் நாலில் ஒரு பங்கு சேர்த்து சுமார் 1,300. இருபக்கமும் நகலெடுத்தால் தாளுக்கு இரண்டு ரூபாய் என்று வைத்தாலும் 2,600 ரூபாய், பென்சிலும் உறையும் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடியும். முப்பதுக்கு மேல் நூறு பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். சுண்ணக்கட்டி முதல் கழிப்பறை வரை எல்லாம் அதிலேதான் என்றாலும் இதற்கு இடம் பண்ண முடியும். மானியம் நேரத்துக்கு வராவிட்டால் மேலாண்மைக் குழுவில் சொல்லி ஊரிலேயே தாள் கட்டு வாங்கித்தரக் கேட்கலாம்.

ஆள் கணக்கை ஐந்து பேரை வைத்து எழுதாதீர்கள், மூன்று பேரை வைத்து எழுதுங்கள். ஒருவர் மேட்டுத் தெருக் கோயில் மண்டபத்துக்கு, ஒருவர் முகாமுக்கு, இருவருக்கும் துணையாக உள்ளூர்த் தன்னார்வலர் ஒவ்வொருவர். இரண்டு இடத்திலும் முப்பதுக்கு மேல் பிள்ளைகள் என்பதால் சின்னவர்கள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் என்று இருவரும் பிரித்துக்கொள்கிறார்கள். மூன்றாமவர் உறவினர் ஊர்களில் இருக்கிற 21 பேருக்கு வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் பேசுகிறார். 42 அழைப்பு, வாரத்துக்கு ஏழு மணி நேரம், ஒருவரால் முடிகிற வேலை. அவர் வீட்டில் கரண்டு இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் எங்கிருந்து பேசுவார் என்பதும் எழுதப்பட வேண்டும்.

ஆக இந்தப் பள்ளிக்கு என் தேர்வு: தாள் பை எல்லாருக்கும், மண்டப வகுப்பு இரண்டு இடத்தில், போன் தேடவும் வாசிக்கக் கேட்கவும் மட்டும், சனிக்கிழமை நாள் கணக்கை நேர்செய்ய. உங்கள் பதிவேட்டில் உறவினர் ஊருக்குப் போகிறவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் மண்டப வகுப்பை ஓரிடமாகக் குறைத்து, போன் பேச இன்னும் ஒருவரைப் போடுங்கள். எல்லாரும் முகாமுக்கே போகிற கடலோரக் குப்பமானால் போன் வேலை அநேகமாக வேண்டியதில்லை, மூன்று ஆசிரியரும் முகாமில் இருக்கலாம். உங்கள் பள்ளியே முகாமாகிற பள்ளி என்றால், கடைசிக் குடும்பம் வெளியேறிய பிறகு சுத்தம் செய்ய இரண்டு மூன்று நாள் கூட்டிக் கணக்கிட்டு, பையில் இன்னும் மூன்று தாள் சேர்த்து வையுங்கள்.

இதெல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும், நகல் தலைமை ஆசிரியர் வீட்டில் ஒன்று, ஊராட்சித் தலைவரிடம் ஒன்று, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒன்று. கோயில் மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், பூசாரி ஊரில் இல்லாத நாளில் யாரிடம் வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்து.